அப்பாவை ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு: நேராக கொலோனோஸ்கோப்பிக்குப் போகலாமா?

திருப்பூர் செல்வி

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடந்த மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு வயிறு முட்டி எழுந்து கழிவறைக்கு ஓடுகிறார். விடிவதற்குள் மறுபடியும் ஒரு தடவை. தண்ணீராகத்தான் போகிறது, ரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. பகலில் ஒன்றிரண்டு தடவை இளக்கமாகப் போவதோடு சரி.

இதையெல்லாம் அவராக எங்களிடம் சொல்லவில்லை. கட்டிலைக் கழிவறைப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார். காற்று வரவில்லை என்று காரணம் சொன்னார். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் விரித்திருப்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பெல்ட்டிலும் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்.

தெரு முனை கிளினிக்கில் "அமீபா" என்று மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். குறைந்த மாதிரி இருந்தது, திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் அதே மாத்திரைதான். இப்போது கொலோனோஸ்கோப்பி செய்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை என்று வேறு ஏதாவது முதலில் செய்ய வேண்டுமா?

பொள்ளாச்சி முருகேசன்

சகோதரி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? அதுதான் காரணம். எங்கள் பெரியப்பாவுக்கு அச்சு அசல் இதேதான். மாத்திரையை நிறுத்தினார், நாலே நாளில் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கூடவே ஒரு நாள் ராத்திரி சாப்பிடாமல் படுக்கச் சொல்லுங்கள். வயிறு காலியாக இருந்தும் போனால் வியாதி, போகாவிட்டால் சாப்பாட்டுக் கோளாறு. அவ்வளவுதான் விஷயம்.

ஓ.எம்.ஆர். கார்த்தி

எனக்கும் இதே பிரச்சினைதான். காலையில் எழுந்ததும் ஆறு மணிக்கு ஒரு தடவை, காபி குடித்ததும் ஒரு தடவை, ஷூ மாட்டும்போது இன்னொரு தடவை. ஆபீஸ் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். பத்து மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பாதிதான். வயது 29. நானும் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டுமா? படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது.

வைகைக்கரை டாக்டர்

கார்த்தி, உங்களுக்கும் செல்வியின் அப்பாவுக்கும் பிரச்சினை ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பெருங்குடலும் ராத்திரியில் தூங்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அதன் அசைவு நன்றாக அடங்கிவிடும். நாம் எழுந்ததும் அதுவும் எழுந்து அழுத்தமாகச் சுருங்கும். காபியும் காலைச் சாப்பாடும் அதை இன்னும் தூண்டிவிடும். குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமலே தொந்தரவு தரும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் காலைச் சுருக்கம் மிகையாக இருக்கும். அதனால்தான் உங்களைப் போல் ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் மூன்று தடவை ஓடுகிறவர்கள் ஏராளம். ஆனால் உங்களை எழுப்புவது அலாரம். வயிறு அல்ல.

நல்ல தூக்கத்திலிருந்து வயிறே ஒருவரை எழுப்புகிறது, அதுவும் வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் அதை ஐ.பி.எஸ். என்று முத்திரை குத்தி விடக்கூடாது. குடல் தானாகவே நீரைச் சுரக்கிறதா, உள்ளே அழற்சி இருக்கிறதா, நரம்பு கெட்டிருக்கிறதா, மருந்து ஏதாவது செய்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதுவும் கல்லில் எழுதிய விதி இல்லை. ஐ.பி.எஸ். உள்ள சிலரும் ராத்திரியில் போவதாகச் சொல்வார்கள். துருவிக் கேட்டால் அவர்களில் பலர் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவர்களாக இருப்பார்கள். "வயிறு எழுப்பியதா, முழித்திருந்ததால் போனீர்களா?" என்று நான் எல்லோரிடமும் கேட்பேன்.

முருகேசன் சார், மெட்ஃபார்மின் என்று நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல வருஷம் ஒழுங்காக ஒத்துக்கொண்ட பிறகும் திடீரென்று அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். "இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிற மாத்திரைதானே" என்று விலக்கிவிட முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன மற்ற இரண்டும் ஆபத்து. சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். கிளிமிப்ரைடோ இன்சுலினோ எடுக்கிறவர் ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை கீழே இறங்கிவிடும். பட்டினி போட்டால் நிற்கிறதா என்று பார்ப்பது மருத்துவத்தில் உள்ள முறைதான். அதை வீட்டில், அதுவும் இவருக்குச் செய்து பார்க்கக் கூடாது.

செல்வி, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் மருந்துப் பெயர்களை எழுதுங்கள். முட்டி வலிக்கு, நெஞ்செரிச்சலுக்கு, தூக்கத்துக்கு என்று கடையில் வாங்குவதையும் விடாதீர்கள். அப்பாவிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: போவதற்கு முன் வயிறு உப்பி, கடபுடவென்று சத்தம் போட்டு, காற்றோடு போகிறதா? அல்லது வலியோ சத்தமோ இல்லாமல் வெறும் தண்ணீராகவா? தூக்கத்தில் தெரியாமலே வேட்டி நனைந்திருக்கிறதா?

யாழ் ரஞ்சனி

தங்கச்சி, அப்பாவுக்குப் பித்தப்பை எடுத்ததா என்றும் கேட்டுப் பாருங்கோ. எனக்குக் கல்லுக்காகப் பித்தப்பை எடுத்த பிறகு விடியற்காலையில் இப்படித்தான் தொடங்கினது. மஞ்சளாகத் தண்ணி மாதிரிப் போகும், எரியும், அடக்கவே ஏலாது. கனகாலம் எல்லாரும் "பயம், யோசனை" என்று சொல்லிச் சமாளிச்சவை. கடைசியில் ஒரு டொக்டர் கொலஸ்டிரமின் தூள் பக்கெட் தந்தார். தண்ணியில் கலக்கிக் குடிக்கத் தொடங்கின கிழமையே வித்தியாசம் தெரிஞ்சது.

வைகைக்கரை டாக்டர்

ரஞ்சனி அக்கா சொன்னது பலர் கேட்க மறக்கும் கேள்வி. பித்தப்பை இல்லாதபோது பித்தநீர் சேர்த்துவைக்க இடமின்றி ராத்திரி முழுக்கக் குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்சித் தீர்க்காவிட்டால் மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே நீரைச் சுரக்க வைக்கும். இதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு. நம் ஊரில் அது கைக்கு எட்டுவதில்லை. அதனால் மருந்தைக் கொடுத்து, நிற்கிறதா என்று பார்ப்பதே பரிசோதனையாகிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: அந்தத் தூள் பித்தநீரோடு மற்ற மாத்திரைகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை உள்பட மற்றவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும்.

திருப்பூர் செல்வி

பித்தப்பை இருக்கிறது. அறுவை சிகிச்சை எதுவும் நடந்ததில்லை.

அட்டைகளைப் பார்த்து எழுதுகிறேன். சர்க்கரைக்கு ஒரே மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பின்பக்கம் மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு, வோக்லிபோஸ் என்று மூன்று பெயர் இருக்கிறது. பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பு அதே கம்பெனி, ஏறக்குறைய அதே பெயர், கடைசியில் ஒரு எழுத்துதான் கூடியிருக்கிறது. அதில் முதல் இரண்டு மருந்து மட்டும். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அதிகம் என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய தேதி, இந்தத் தொந்தரவு தொடங்கியதற்குக் கொஞ்சம் முன்னால்! "மாத்திரை ஏதாவது மாற்றினார்களா?" என்று கேட்டதற்கு அப்பா "இல்லை, அதே மாத்திரைதான்" என்றார். நிறம்கூட மாறவில்லையாம்.

முட்டி வலிக்கு அசிக்ளோஃபினாக் வாரத்தில் பாதி நாள். கூடவே பேண்டோபிரசோல்.

கேள்விகளுக்குப் பதில்: ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறார், தோசையோ சப்பாத்தியோ. பன்னிரண்டு மணிக்கு மேல் வயிறு உப்பிச் சத்தம் போடுமாம். இரண்டரைக்கு எழும்போது காற்றோடு சேர்ந்து போகுமாம். ஆனால் சில நாள் சத்தமே இல்லாமல், வலியும் இல்லாமல் தண்ணீராகப் போகிறதாம். அப்போதுதான் வேட்டி நனைவது. இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொள்ளாச்சி முருகேசன்

நான் சொன்னேனே, மாத்திரைதான் என்று!

வைகைக்கரை டாக்டர்

மாத்திரைதான் சார், நீங்கள் சொன்ன மருந்து இல்லாமல் அதன் கூட்டாளியாக இருக்கலாம். வோக்லிபோஸ் மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலில் உடைவதைத் தடுக்கிறது. உடையாதது பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். காற்று, உப்புசம், இளகிய மலம். ஒன்பதரைக்குத் தோசை, பன்னிரண்டுக்கு மேல் சத்தம், இரண்டரைக்கு ஓட்டம் என்ற கணக்கு அதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து வைத்து விற்பதில் இது ஒரு தொல்லை. சாப்பிடுகிறவருக்கு "அதே மாத்திரை"தான். அந்தப் பதிலை நம்பி நாங்களும் மேலே போய்விடுகிறோம்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். வோக்லிபோஸ் எடுக்கிறவருக்கு லோ சுகர் ஆனால் வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். வீட்டில் ஒரு டப்பா வைத்திருங்கள்.

ஆனால் சத்தமும் வலியும் இல்லாமல் தண்ணீராகப் போய், தெரியாமலே கசிவது இந்தக் கணக்கில் அடங்கவில்லை. பதினைந்து வருஷச் சர்க்கரையில் குடலை இயக்கும் தானியங்கி நரம்புகள் கெட்டால் அப்படித்தான் வரும். ராத்திரியில் அதிகமாக, வலியே இல்லாமல், ஆசனவாய்த் தசையின் பிடியும் தளர்ந்து. அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. கால் எரிச்சல், மரத்துப்போவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதம், 61 வயது, எடை இறக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் கொலோனோஸ்கோப்பி தேவைதான். மாத்திரை மேல் சந்தேகம் இருக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிப்போட மாட்டேன். தம்பி சொன்னது சரி. அதற்கு முன்னால் சாதாரண ரத்தப் பரிசோதனைகள் போதும்: ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், உப்புகள், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கோதுமையால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கு டி.டி.ஜி. இந்தக் கடைசிப் பரிசோதனைக்குச் சப்பாத்தியை நிறுத்தாமல் போக வேண்டும், நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் மறைந்துவிடும். மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கட்டும், வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுத்தால் நல்லது. ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்க்காமல் மெட்ரோனிடசோலை மூன்றாம் முறை கொடுத்தால் வாங்காதீர்கள்.

கொலோனோஸ்கோப்பி செய்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லுங்கள்: குடல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலது, இடது இரண்டு பக்கமும் திசு எடுக்க வேண்டும். நுண்ணிய பெருங்குடல் அழற்சி என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குக் குடல் பளபளவென்றே தெரியும், மைக்ரோஸ்கோப்பில்தான் பிடிபடும். ராத்திரித் தண்ணீர்ப்போக்குக்கு அது ஒரு முக்கியமான காரணம். அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், பேண்டோபிரசோல் குடும்ப மருந்துகள் இரண்டுக்கும் அதோடு தொடர்பு உண்டு. "நார்மல்" என்று ஒற்றைச் சொல்லில் அறிக்கை வந்து, திசுவே எடுக்காமல் விட்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஓ.எம்.ஆர். கார்த்தி

டாக்டர், லேப் பேக்கேஜில் மலத்தில் கால்புரோடெக்டின் என்று போட்டிருக்கிறார்கள். அதைச் செய்தால் கொலோனோஸ்கோப்பி தேவையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்கிறார்களே?

வைகைக்கரை டாக்டர்

உங்கள் வயதுக்கு அது உபயோகம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்து, எடை குறையாமல், ரத்தம் போகாமல் இருந்தால் உங்களுக்குக் குழாய் விட வேண்டிய அவசியமே வராது. 250-க்கு மேல் போனால் உள்ளே பார்த்தாக வேண்டும். நடுவில் வந்தால் வலி மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், ஏனென்றால் வலி மாத்திரையே அந்த எண்ணை ஏற்றிவிடும்.

செல்வியின் அப்பாவுக்கு அது எவ்வளவு வந்தாலும் முடிவு மாறாது. நுண்ணிய அழற்சியில் அது நார்மலாகவே வரலாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

சேலம் தங்கம்

என் மாமியாருக்கு 80 வயது. அவருக்கும் ராத்திரி தண்ணீராகக் கசிகிறது. லோபரமைடு கொடுத்தால் நிற்கிறது, இரண்டு நாளில் மறுபடி. பகலில் மலமே சரியாகப் போவதில்லை. இதுவும் சர்க்கரை நரம்புதானா? சர்க்கரை இல்லை அவருக்கு.

வைகைக்கரை டாக்டர்

தங்கம் அக்கா, லோபரமைடை நிறுத்துங்கள். இது வயிற்றுப்போக்காக இல்லாமல் மலச்சிக்கலாக இருக்கலாம். கீழே மலம் கல்லாக அடைத்துக்கொண்டு அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியும். விரல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நீங்கள் கொடுக்கும் மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். நாளைக்கே காட்டுங்கள்.

திருப்பூர் செல்வி

கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். சர்க்கரை டாக்டர் மூன்று மருந்து மாத்திரையை நிறுத்திப் பழைய இரண்டு மருந்து மாத்திரைக்கே மாற்றினார். அசிக்ளோஃபினாக்கும் பேண்டோபிரசோலும் நிறுத்தியாகிவிட்டது, முட்டிக்குப் பாராசிட்டமால். சத்தம், உப்புசம் அந்த வாரமே போய்விட்டது. ராத்திரி எழுவதும் வாரத்தில் இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சத்தமில்லாத வகை நிற்கவில்லை.

ரத்தத்தில் எல்லாம் ஓரளவு சரி. மலத்தில் ஒட்டுண்ணி இல்லை. ரத்த அழுத்தம் படுத்தபோது 142, நின்றபோது 114. கால் எரிச்சல் ரொம்ப நாளாக இருக்கிறதாம், அதையும் சொல்லவில்லை.

கொலோனோஸ்கோப்பி முடிந்தது. பார்வைக்கு நார்மல். இரண்டு பக்கமும் திசு எடுத்தார்கள், அதிலும் அழற்சி இல்லை. இப்போது குடல் டாக்டர், சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம், ரிஃபாக்சிமின் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். சர்க்கரை டாக்டர், அதற்கு முன் மெட்ஃபார்மினை இரண்டு வாரம் நிறுத்தி இன்சுலின் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

வைகைக்கரை டாக்டர்

இருவரும் சொல்வது நியாயமானதுதான். குடல் நரம்பு மந்தமானால் உணவு தேங்கி பாக்டீரியா பெருகும், ரிஃபாக்சிமினுக்குச் சிலர் நன்றாகக் கேட்பார்கள். மெட்ஃபார்மின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் விலக்கவில்லை. என் விருப்பம் மெட்ஃபார்மினை முதலில் நிறுத்திப் பார்ப்பது. புது மருந்து சேர்ப்பதைவிடச் சந்தேகமுள்ளதை எடுப்பது எளிது. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய விடாதீர்கள். நின்றால் எதனால் நின்றது என்று தெரியாமல் போய், அவர் வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாத மருந்தோ தேவையில்லாத ஊசியோ சுமப்பார்.

எல்லாம் பார்த்தும் எதுவும் அகப்படாவிட்டால் நரம்புதான் என்று வைத்துக்கொண்டு, படுக்கும் முன் லோபரமைடு கொடுப்பது உண்டு. கொலோனோஸ்கோப்பி நார்மல் என்பதால் இவருக்கு அது பாதுகாப்பு. ரத்தமோ காய்ச்சலோ வந்தால் கொடுக்கக் கூடாது.

பொள்ளாச்சி முருகேசன்

சர்க்கரை நரம்பு என்றால் சரியே ஆகாதா டாக்டர்? பெரியப்பாவுக்கும் மறுபடி ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை நிறுத்திய பிறகும்.

வைகைக்கரை டாக்டர்

கெட்ட நரம்பு முழுசாகத் திரும்புவது அரிது. விட்டு விட்டுத்தான் வரும், சில வாரம் ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுதான் நிறுத்தியது என்று தோன்றும். பெரியப்பாவுக்குக் கொலோனோஸ்கோப்பி செய்தார்களா? வயது என்ன, எடை குறைந்திருக்கிறதா?

பொள்ளாச்சி முருகேசன்

செய்யவில்லை. வயது 66. எடை பார்த்ததில்லை, சட்டை தொளதொளவென்று இருக்கிறது. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வருகிறது என்கிறார்.

வைகைக்கரை டாக்டர்

அப்படியென்றால் இந்த வாரமே கூட்டிப் போங்கள் சார். மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் குடல் காசநோயை முதலில் நினைக்க வேண்டும். புற்றுநோய், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் எல்லாம் அதே வரிசையில் உண்டு. குரோன்ஸும் காசநோயும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். திசு பார்க்காமல், காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் குரோன்ஸ் என்று ஸ்டீராய்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

திருப்பூர் செல்வி

மெட்ஃபார்மினை முதலில் நிறுத்துகிறோம், இரண்டு டாக்டரும் ஒத்துக்கொண்டார்கள். இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொண்டது அம்மாதான், அப்பா கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். ராத்திரி எழுந்த நேரம், சத்தம் உண்டா இல்லையா, வேட்டி நனைந்ததா என்று காலண்டரில் குறித்துவருகிறோம். இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.